கிரியேட்டின் மேல் விழுந்த பருப் பழி

கொஞ்சம் நீளமான பதிவு. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பொறுமையாகப் படித்தால் பயன்படும்.

முப்பது வருடத்துக்கு மேல் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்கள் விடுவதில்லை. முன்பெல்லாம் மதிப்பெண், கல்லூரி என்று கேட்டு வருவார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள். அப்படி இந்த இரண்டு வருடத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "சார், பையன் கிரியேட்டின்னு ஒரு பவுடர் சாப்பிடுறான். மூஞ்சி பூரா பரு. அதனாலதானே?"

கேட்பவர்கள் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். சிலர் அதை ஒரு வகை ஸ்டீராய்டு என்கிறார்கள். சிலர் "உடம்புக்குச் சூடு சார், அதான் பருவா வெடிக்குது" என்கிறார்கள். ஜிம்மில் கூட இருக்கும் பையன்கள் ஒருபடி மேலே போய், "அது டி.எச்.டி.யை ஏத்திடும்" என்று ஹார்மோன் பெயரோடு சொல்கிறார்கள். மூன்றில் கடைசியாகச் சொல்வதற்கு மட்டும்தான் ஒரு நூல் அளவு ஆதாரம் உண்டு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் இரண்டு வரி அடிப்படை. கிரியேட்டின் வெளியிலிருந்து வந்த புதுப் பொருள் இல்லை. நம் உடம்பே கிளைசின், ஆர்ஜினின், மெத்தியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களை வைத்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிராம் செய்துகொள்கிறது. மீனிலும் இறைச்சியிலும் கிலோவுக்குச் சில கிராம் இருக்கிறது. உடம்பில் இருப்பதில் 95 சதவீதம் தசையில்தான் கிடக்கும். கனமான எடையைத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் தசைக்குச் சட்டென்று சக்தி எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. ஸ்டீராய்டு என்பது நான்கு வளையங்கள் ஒட்டிய கார்பன் கூடு. கரும்பலகையில் அதை வரைய எனக்குப் பாதிப் பலகை வேண்டும். கிரியேட்டினை ஒரு மூலையில் எழுதிவிடலாம், ஒரு வளையம்கூடக் கிடையாது. இரண்டும் உறவுமுறையே இல்லாத பொருட்கள். ஒரே கடையில், ஒரே அலமாரியில் அடுக்கியிருப்பதால் வந்த குழப்பம் இது. சூடு என்ற விளக்கத்தை நான் வாதாட எடுத்துக்கொள்ளவில்லை. அதை அளக்க எந்தக் கருவியும் என்னிடம் இல்லை.

இனி அந்த டி.எச்.டி. கதை.

தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம். ரக்பி அங்கே நம்மூர் கிரிக்கெட் மாதிரி. 2009-இல் அங்கிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. கல்லூரி வயதுள்ள 20 ரக்பி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். முதல் 7 நாள் தினம் 25 கிராம் கிரியேட்டின், அடுத்த 14 நாள் தினம் 5 கிராம், கூடவே குளுக்கோஸ். இன்னொரு சுற்றில் அதே ஆட்களுக்கு வெறும் குளுக்கோஸ். இரண்டு சுற்றுக்கும் நடுவில் 6 வாரம் இடைவெளி. எது எந்தச் சுற்று என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. முழுவதும் முடித்தவர்கள் 16 பேர். நல்ல முறையில் திட்டமிட்ட சிறிய ஆய்வு, குறை சொல்ல முடியாது.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை. ஆனால் அதிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன், அதாவது டி.எச்.டி., ஒரு வாரத்தில் 56 சதவீதம் கூடியிருந்தது. மூன்றாவது வார முடிவிலும் தொடக்கத்தைவிட 40 சதவீதம் மேலே நின்றது. ஐம்பத்தாறு சதவீதம்! தலைப்புக்கு எவ்வளவு வசதியான எண் பாருங்கள். டி.எச்.டி.க்கும் தலைமுடி உதிர்வதற்கும் தொடர்பு உண்டு, டி.எச்.டி.க்கும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிக்கும் தொடர்பு உண்டு. ஆகவே கிரியேட்டின் சாப்பிட்டால் வழுக்கை விழும், பரு வரும் என்று ஊரே கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

சதவீதக் கணக்கு வந்தால், எதன் சதவீதம் என்று கேட்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். கிரியேட்டின் சுற்று ஆரம்பிக்கும் முன்பு அவர்களுடைய டி.எச்.டி. சராசரி லிட்டருக்கு 0.98 நானோமோல். ஒரு வாரம் கழித்து 1.53. வெறும் குளுக்கோஸ் சுற்றின் ஆரம்பத்தில் 1.26. அலகு புரியாவிட்டாலும் பரவாயில்லை, ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டின் சுற்றில் 98 காசு 1 ரூபாய் 53 காசாக ஏறியது. ஆனால் எதையும் சாப்பிடுவதற்கு முன்பே ஒரு சுற்றின் ஆரம்பத்தில் 98 காசாகவும் இன்னொரு சுற்றின் ஆரம்பத்தில் 1 ரூபாய் 26 காசாகவும் இருந்திருக்கிறது. சும்மா இருக்கும்போதே 28 காசு ஆடும் ஒரு பொருளில் 55 காசு ஏற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். கிரியேட்டின் சுற்று மிகக் குறைந்த இடத்திலிருந்து ஆரம்பித்ததால் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. ஏறிய பிறகும் அந்த அளவு சாதாரண ஆண்களுக்கு இருக்கும் எல்லைக்குள்தான் இருந்தது.

ஏற்றமே பொய் என்று நான் சொல்லவில்லை. அளந்தார்கள், ஏறியிருந்தது. ஆனால் ஒரு ஆய்வில் வந்தது இன்னொரு ஆய்விலும் வரவேண்டும். அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2021-இல் கிரியேட்டின் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, மக்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு விடை எழுதினார்கள். கிரியேட்டினும் டெஸ்டோஸ்டிரோனும் பற்றிய வேறு 12 ஆய்வுகளை அதில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பத்தில் மாற்றமே இல்லை, இரண்டில் பொருட்படுத்த முடியாத சிறிய ஏற்றம். அவை டெஸ்டோஸ்டிரோன் பற்றியவை, டி.எச்.டி.யை நேராக அளந்தவை அல்ல என்று யாராவது கேட்டால் நியாயம்தான். அதற்கும் 2025-இல் பதில் வந்தது. எடைப்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு 12 வாரம் தினம் 5 கிராம் கொடுத்து, டி.எச்.டி.யையும் தலைமுடியையும் நேராகவே அளந்தார்கள். 38 பேர் முடித்தார்கள். கிரியேட்டின் சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டெல்லன்போஷில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பருக்களை எண்ணவில்லை. எண்ணெய்ப் பசையை அளக்கவில்லை. முடியையும் பார்க்கவில்லை. ரத்தம் மட்டும் எடுத்தார்கள். ரத்தத்திலிருந்து முகத்துக்கு இருக்கும் தூரத்தை ஊர்தான் தாண்டியது.

அந்தத் தூரம் எவ்வளவு என்று சொல்கிறேன். பரு எப்படி வருகிறது? முகத்திலும் மார்பிலும் முதுகிலும் மயிர்க்காலோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆண் ஹார்மோன்கள் அதை உசுப்புகின்றன, எண்ணெய் கூடுகிறது. (பெண் பிள்ளைகளுக்கும் இந்த ஹார்மோன் உண்டு, அளவுதான் குறைவு.) துளையின் வாயில் செத்த தோல் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பு உண்டாகிறது. அடைபட்ட எண்ணெயில் அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியா பெருகுகிறது. பிறகு உடம்பு அதை எதிர்க்க, சிவந்து வீங்குகிறது. நான்கு கட்டம். இதில் டி.எச்.டி.க்கு முதல் கட்டத்தில் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் சுரப்பிக்கு வேண்டிய டி.எச்.டி.யைத் தோல் பெரும்பாலும் தன் இடத்திலேயே, தன்னிடம் இருக்கும் நொதியை வைத்துச் செய்துகொள்கிறது. ரத்தத்தில் ஓடும் அளவு கொஞ்சம் ஏறியதை வைத்து, சுரப்பிக்குள் எவ்வளவு ஏறியது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சம்பவம் இதைவிட நன்றாகப் புரியவைக்கும். தோலில் இருக்கும் அந்த நொதியை மட்டும் அடைத்துவிட்டால் பரு போய்விடும் என்று நம்பி ஒரு மாத்திரையைச் சோதித்தார்கள். அதன் முடிவு 2004-இல் வெளியானது. பருவுக்குப் பலன் இல்லை. டி.எச்.டி. உண்டாவதைத் தடுக்கும் மருந்தே பருவைக் குறைக்க முடியாதபோது, ரத்தத்தில் சாதாரண எல்லைக்குள் நடந்த ஒரு சிறு ஏற்றம் பருவைக் கொண்டுவந்து கொட்டும் என்று எப்படிச் சொல்வது?

ஆக, வதந்தியின் சங்கிலியில் மூன்று கண்ணிகள். கிரியேட்டின் டி.எச்.டி.யை ஏற்றுகிறது என்பது முதலாவது. ஒரே ஆய்வில் வந்தது, அடுத்ததில் வரவில்லை. ரத்தத்தில் ஏறினால் தோலிலும் அந்த அளவுக்கு ஏறும் என்பது இரண்டாவது. யாரும் காட்டவில்லை. அதனால் பரு வரும் என்பது மூன்றாவது. பருவை எண்ணிப் பார்த்த யாரும் அதைக் கண்டு சொன்னதாக இல்லை. முகத்தில் பூசும் கிரீம்களிலேயே கிரியேட்டினைக் கலந்து, தோல் சுருக்கத்துக்கு என்று விற்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். அந்தக் கிரீம் வேலை செய்கிறதா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் ஜிம்முக்குப் போன பிறகு பையன்களுக்குப் பரு வருவது பொய்யா? பொய் இல்லை. கண்ணால் பார்க்கிறோமே. ஆனால் 12 முதல் 24 வயதுக்குள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஏதாவது ஒரு அளவில் பரு வந்து போகும். ஜிம்மில் சேர்வதும் அதே வயதில்தான். இரண்டும் ஒன்றாக வருவது பாதி தற்செயல். மீதிப் பாதிக்குக் காரணம் தேட வேண்டும் என்றால், கிரியேட்டின் டப்பாவை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருக்கும் டப்பாக்களைப் பார்க்க வேண்டும். கிரியேட்டின் தனியாக வருவதே அபூர்வம். கூட்டாளிகளோடுதான் வரும்.

என் பழைய மாணவி ஒருத்தி போன வருடம் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். 19 வயது, பொறியியல் இரண்டாம் வருடம். கன்னம் இரண்டும் சிவந்து, முதுகிலும் தோளிலும் பொரி பொரியாக இருந்தது. "சார், அந்தக் கிரியேட்டின் டப்பாவை நானே தூக்கிக் குப்பையில போட்டேன். ஒரு மாசம் ஆச்சு. இன்னும் குறையல சார். உடம்புலயே தங்கிருச்சா?" என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கல்லூரிக்குப் போக மாட்டேன் என்று இரண்டு வாரமாக அறைக்குள்ளேயே இருந்திருக்கிறான். பரு என்றால் பெரியவர்களுக்குச் சின்ன விஷயம். பத்தொன்பது வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

"தம்பி, நீ வாயில போடுறது, மூஞ்சில பூசுறது எல்லாத்தையும் நாளைக்கு எடுத்துட்டு வா. எதையும் ஒளிக்காதே" என்றேன். மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டு வந்தான். ஒவ்வொன்றையும் எப்போது ஆரம்பித்தான் என்று ஒரு தாளில் எழுதினோம். ஜூன் மாதம் ஜிம்மில் சேர்ந்தது, அப்போதே கிரியேட்டின், தினம் 5 கிராம். ஜூலை நடுவில் மாஸ் கெய்னர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் அரை லிட்டர் பாலில். ஆகஸ்டு முதல் வாரம் கன்னத்தில் பரு. பிறகு நண்பன் சொன்னான் என்று மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஒரு முகக் கிரீம். ஆகஸ்டு கடைசியில் அம்மா கிரியேட்டினை எறிந்தது. செப்டம்பரில் முகம் இன்னும் மோசம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பா லேபிள்களைப் படித்தேன். வாழ்நாளெல்லாம் விடைத்தாள் படித்த கண், சின்ன எழுத்து பழக்கம்தான். மாஸ் கெய்னரில் முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சர்க்கரை போலவே வேகமாக ரத்தத்தில் ஏறும் மாவுப் பொருள். இரண்டாவது வே புரோட்டீன், பாலிலிருந்து எடுத்தது. பட்டியலில் கீழே போனால், ஒரு வேளைக்கு 3 கிராம் கிரியேட்டின்! அம்மா குப்பையில் போட்டது ஒரு டப்பாவைத்தான். அடுத்த டப்பா வழியாகப் பையன் தினம் 6 கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் செய்த சோதனையில் கிரியேட்டின் நிறுத்தப்படவே இல்லை.

இந்த மாஸ் கெய்னர் விஷயத்தில் சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கிறது. சர்க்கரை வேகமாக ஏறும் உணவு இன்சுலினை ஏற்றும். பாலின் புரதமும் இன்சுலினையும் அதன் தம்பி மாதிரியான ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் ஏற்றும். இந்த இரண்டும் எண்ணெய்ச் சுரப்பியை உசுப்பக்கூடியவை. 2007-இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில், பரு உள்ள 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்ட பிரிவுக்குப் பரு அதிகம் குறைந்தது. இங்கே எண்ணியது பருக்களை, ரத்தத்தை மட்டும் இல்லை. வே புரோட்டீன் ஆரம்பித்த பிறகு பரு கிளம்பியதாகத் தோல் மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் 2012 முதல் வந்திருக்கின்றன. அவை ஐந்து பேர், ஐந்து பேர் என்று சின்னக் கணக்குகள்தான். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிரியேட்டின் மேல் இருக்கும் சந்தேகத்தைவிட இது பல மடங்கு கனமானது.

அடுத்து அந்த முகக் கிரீம். டியூபில் மூன்று மருந்துகளின் பெயர். ஒன்று ஸ்டீராய்டு. பாருங்கள் விநோதத்தை. தசைக்குச் சாப்பிட்ட கிரியேட்டினை ஸ்டீராய்டு என்று நினைத்து வீடு பயந்தது, நிஜமான ஸ்டீராய்டைப் பையன் தினம் இரண்டு வேளை கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தான். முதல் வாரம் முகம் வெளுத்துப் பளபளப்பாகத் தெரியும், சிவப்பு அடங்கும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, ஒரே அளவில் ஒரே மாதிரியாகச் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் முதலில் இன்னும் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து மறுபடி தடவுவார்கள். நம் ஊரில் தோல் மருத்துவர்களிடம் போகும் முகங்களில் இந்தக் கிரீம் கெடுத்த முகங்கள் எத்தனையோ.

நான் வைத்தியன் இல்லை. தாளைக் கையில் கொடுத்துத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் முதுகைப் பார்த்ததும், அது பருவே இல்லை என்றிருக்கிறார். நம் தோலில் எப்போதும் இருக்கும் ஒரு வகை ஈஸ்ட், வியர்வையும் இறுக்கமான பனியனும் சேர்ந்தால் மயிர்க்கால்களில் பெருகிவிடும். தேமலுக்குக் காரணமான அதே கூட்டம்தான். அடையாளம், எல்லாம் ஒரே அளவில் இருக்கும், அரிக்கும், கரும்புள்ளி வெண்புள்ளி இருக்காது. பருவுக்கான மருந்து அதற்குக் கேட்காது, பூஞ்சைக்கான மருந்துதான் கேட்கும். பையனிடம் அரிக்கிறதா என்று அதுவரை யாரும் கேட்கவே இல்லை. ஜிம்மிலிருந்து வந்து அதே பனியனோடு ஒரு மணி நேரம் செல்போன் பார்ப்பான் என்பது அம்மா சொன்ன தகவல்.

முகத்துக்கு வேறு மருந்து. கிரீமை நிறுத்தினால் இரண்டு வாரம் மோசமாகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். கெய்னரை நிறுத்திவிட்டான். அதற்குப் பதில் முட்டை, கொண்டைக்கடலை, மீன். கிரியேட்டின் வேண்டுமா என்று கேட்டதற்கு, இரண்டு மாதம் கழித்துத் தனியாக ஆரம்பித்துக்கொள் என்றாராம். ஆரம்பித்தான், தினம் 5 கிராம், வெறும் தண்ணீரில். நான்காவது மாதம் வந்தபோது முதுகு சுத்தம், கன்னத்தில் பழைய தடங்கள் மட்டும். கிரியேட்டின் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்போதுதான் முகம் தெளிந்துகொண்டு வந்தது.

எது குணமாக்கியது என்று கேட்டால், கிரீமை நிறுத்தியதா, கெய்னரை நிறுத்தியதா, மருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றாக நடந்தது. ஒரு பையனை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பும் எழுத முடியாது. இந்தப் பையனுடைய முகம் தெளிவதற்குக் கிரியேட்டின் தடையாக இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கிரியேட்டின் தலையில் விழும் இன்னொரு பழியும் உண்டு. "சாப்பிட்டதும் உடம்பெல்லாம் சுருக்கு சுருக்குன்னு குத்துது, முகம் சிவக்குது, அலர்ஜி" என்பார்கள். பெரும்பாலும் அது ஜிம்முக்குப் போகும் முன் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பவுடராக இருக்கும். அதில் பீட்டா-அலனின் என்ற ஒன்று இருக்கிறது. ஒரே மடக்கில் 800 மில்லிகிராமுக்கு மேல் போனால் கால் மணி, இருபது நிமிடத்தில் முகத்திலும் கையிலும் எறும்பு ஊர்வது போல இருக்கும், ஒரு மணி நேரத்தில் தானாகப் போய்விடும். நியாசின் என்ற வைட்டமின் அதிகம் இருந்தால் முகம் சூடாகிச் சிவக்கும். லேபிளில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பட்டியலில் கிரியேட்டினும் இருப்பதால், பெயர் தெரிந்தவன் மாட்டிக்கொள்கிறான்.

சரி, உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கிரியேட்டினால்தான் பரு வருகிறதா என்று எப்படிச் சோதிப்பது? எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தாலும் அப்படியே. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக ஆரம்பித்துப் பருவாக வெளியே தெரிவதற்கே பல வாரம் ஆகும். திங்கட்கிழமை பவுடர் ஆரம்பித்து வியாழக்கிழமை வந்த பரு, பெரும்பாலும் போன மாதமே உள்ளே விதை போட்ட பரு. இடையில் புதுக் கிரீம், புது எண்ணெய், புது வைட்டமின் மாத்திரை எதுவும் கூடாது. அதிலும் பி12 அதிகம் உள்ள மாத்திரைகள் சிலருக்குப் பருவைக் கிளப்பும் என்பது தோல் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்தால் வீட்டில் வாக்குவாதம் குறையும்.

வாங்கும் போதும் ஒன்று. சோதனை செய்ய வேண்டுமானால் லேபிளில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே ஒரு பொருள் மட்டும் உள்ள டப்பாவாக இருக்க வேண்டும். தினம் 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் 20, 25 கிராம் போட்டு நிரப்பும் வழக்கம் அவசியமில்லை, மூன்று நான்கு வாரத்தில் தசை தானாக நிரம்பிவிடும். ஜிம்மில் யாராவது டப்பா இல்லாமல் பொட்டலத்தில் கொடுத்தாலோ, ஊசி, மாத்திரை என்று பேச்செடுத்தாலோ அது வேறு உலகம். நிஜமான தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மார்பிலும் முதுகிலும் தோளிலும் கட்டி கட்டியாகப் பரு கொண்டுவரும். கிரியேட்டின் சாப்பிடுவதாகச் சொல்லும் பையனுக்குத் திடீரென்று அப்படி வந்தால், திட்டாமல் உட்கார வைத்து வேறு என்ன எடுக்கிறான் என்று கேளுங்கள். திட்டினால் உண்மை வராது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரியேட்டினைத் தொடக் கூடாது. மற்றவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். கிரியேட்டினின் என்ற அளவு கொஞ்சம் கூடிக் காட்டி வீட்டையே பயமுறுத்தும்.

கடைசியாக, பெண் பிள்ளைகள் இருக்கும் அம்மாக்களுக்கு. இப்போது பெண்களும் எடைப்பயிற்சிக்குப் போகிறார்கள், கிரியேட்டினும் எடுக்கிறார்கள், நல்லது. அந்தப் பிள்ளைக்குத் தாடையோரத்திலும் கழுத்திலும் பரு வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போய், மேலுதட்டிலும் தாடையிலும் முடி தடித்தால், பவுடரை நிறுத்திவிட்டு மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். அது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போய் ஹார்மோன் பரிசோதனை செய்யுங்கள். அழைத்துப் போகும்போது டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள், லேபிளை அவர்களே படிக்கட்டும்.